‘லோரி எங்கே’ அக்கா தன்னைப் பற்றிச் சொன்னது

நாற்பத்து மூன்று வயதில் புது வேலைக்குப் போகிறவளுக்கு முதல் நாள் காலை எப்படி இருக்கும் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். நான்கு மணிக்கே விழித்துவிட்டேன். ஐந்து மணிக்குள் இரண்டு முறை சுடிதார் மாற்றியாகிவிட்டது. முந்தின ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் போய் வாங்கி வந்த புதுச் செருப்பைப் போட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தேன். “பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ள மாதிரி இருக்க” என்று கணவர் படுக்கையில் இருந்தபடியே சொன்னார். அவர் கிண்டல் செய்தால் வழக்கமாக எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஐந்து மாதம் வீட்டில் சும்மா இருந்திருந்தேன். அதற்கு முன் பதினான்கு வருடம் கிள்ளானில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. மூலப்பொருள் மூட்டைகளை வரவழைப்பது, எண்ணி இறக்குவது, ரசீதில் சாப் என்கிற முத்திரை அடிப்பது எல்லாம் என் பொறுப்பு. அந்தத் தொழிற்சாலை மூட்டை முடிச்சோடு ஜொகூருக்குப் போனது. நான் போகவில்லை. இப்போது எனக்கு வேலை கிடைத்திருப்பது கிள்ளானிலேயே ஒரு லோரி கம்பெனியில். துறைமுகத்திலிருந்து சரக்கை ஏற்றித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய் இறக்கும் கம்பெனி. வாடிக்கையாளர்கள் போன் போட்டு லோரி எங்கே என்று கேட்டால் பதில் சொல்வது என் வேலை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆறு வருடமாக இதே கம்பெனி டிரைவர்களுக்குப் போன் போட்டு “லோரி எங்கே?” என்று கத்திக்கொண்டிருந்தவளே நான்தான். எங்கள் மூட்டைகளை ஏற்றி வந்தது இவர்களுடைய லோரிகள். லோரி தாமதமானால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் சூப்பர்வைசர் என்னிடம் கத்துவார், நான் போனை எடுத்து டிரைவரிடம் கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நான் மறைப்பதில்லை.

என்னை நேர்காணல் செய்த மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லாரும் மேடம் என்பார்கள். என் விண்ணப்பத்தில் பழைய தொழிற்சாலையின் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அந்தப் பக்கம் இருந்து எங்களைத் திட்டினவர், இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்கும்” என்றார் ஆங்கிலத்தில். பிறகு சொன்னார்: “முதல் நாள் காலை பிரீபிங்கில் உங்களைப் பற்றி நீங்களே இரண்டு நிமிடம் பேச வேண்டும். அதைப் பதிவுசெய்து டிரைவர்கள் குழுவுக்கும் அனுப்புவோம். அவர்கள் ஆபீஸுக்கு வருவதே அபூர்வம், நம்மைக் குரலாகத்தான் அவர்களுக்குத் தெரியும். பழைய கம்பெனியின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.”

நான் சொல்லப்போவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன். கத்தினதுகூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்திருந்தேன். மேடத்துக்கு அதில் பாதிதான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பு. போனை இழுப்பறையில் போட்டுவிட்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு இரண்டாம் மிஷின் நின்றது. சூப்பர்வைசர் இருபது பேர் முன்னால் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆத்திரத்தோடு மாடிக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்களுக்கு வர வேண்டிய லோரி சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒட்டுக்கடை ஓரத்தில் நின்றது. டிரைவர் கையில் தே தாரேக் தேநீர்க் கிளாஸோடு நின்றார். முகம் தெரியவில்லை, லோரி நம்பர் தெரிந்தது. நேரே கணினிக்குப் போனேன். ‘இந்த நம்பர் லோரியின் டிரைவர் கேட்டில் ரிப்போர்ட் செய்யாமல் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார், எங்கள் மிஷின் நிற்கிறது, இனி இவரை அனுப்பாதீர்கள்’ என்று லோரி கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் மேனேஜருக்கும் ஒரு பிரதி. பட்டனைத் தட்டியபோது அடைந்த நிம்மதி இருக்கிறதே, சொன்னால் வெட்கக்கேடு.

மறுநாள் காலை கேட்டில் காவல் இருந்த ஜாகா அண்ணன் என்னை நிறுத்தினார். எங்கள் தொழிற்சாலைக்குள் எந்த லோரி வந்தாலும் அதன் நம்பரைக் காலையிலேயே ஸ்டோர் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் நம்பர் இல்லாவிட்டால் கேட் திறக்காது, வாசலை மறித்து நிற்கவும் விடமாட்டார்கள். முந்தின நாள் கணக்கெடுப்புப் பரபரப்பில் பட்டியலைக் கொடுக்கவே நான் மறந்திருந்தேன். “அந்த டிரைவர் மூணு தடவ வந்து கேட்டாரு. ஒங்களுக்கும் போன் போட்டாராம், நீங்க எடுக்கலயாம். நாந்தான் எதிர்ல போயி நில்லுங்கன்னு சொன்னேன்” என்றார் அவர். என் போனில் நான்கு தவறிய அழைப்புகள் இருந்தன.

அன்றைக்கே இன்னொரு மின்னஞ்சல் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அதற்குள் லோரி கம்பெனியிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்துவிட்டது. டிரைவருக்கு வார்னிங் லெட்டர் கொடுத்ததாகவும் இனி அவரை அனுப்ப மாட்டோம் என்றும் மேடம் கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “இப்படித்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும்” என்று பாராட்டினார். பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன். ஒரு நாள் ஒரு வாரமானது, வாரம் மாதமானது, பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆகவே என் சுய அறிமுகத்தை மிகவும் ஜாக்கிரதையாகத் தயாரித்தேன். என் பெயர், ஊர், ‘ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பதினான்கு வருட அனுபவம்’, குடும்பம், பிடித்தது சமையல். ஆங்கிலத்தில்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை பேசினேன். ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள் போனில் நேரம் பார்த்தாள். “அம்மா, சண்ட போடற மாதிரியே இருக்கு லா. கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்க” என்றாள். சிரித்துப் பார்த்தேன். இன்னும் மோசம் என்றாள்.

ஏழே முக்காலுக்கு ஆபீஸில் இருந்தேன். வாசலில் காலி லோரி ஒன்று நின்றது, டீசல் வாடை அடித்தது, எனக்கு அதுவே மணமாக இருந்தது. எனக்கென்று ஒரு மேசை, புதுப் பேனா, ஹெட்செட் எல்லாம் வைத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் லோரிகளை அனுப்புகிறவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்காரர், நம்மவர், இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தாராம். “வாங்கக்கா, ரோட்டி சானாய் சாப்பிடுறீங்களா?” என்று பொட்டலத்தை நீட்டினார். பயத்தில் வேண்டாம் என்றேன். அவரைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினேன்.

எட்டு மணிக்குப் பிரீபிங். வெள்ளைப் பலகையில் அன்றைய லோரி நம்பர்களும் அவை போகிற இடங்களும் எழுதியிருந்தன. மேடமும் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரும் பலகையைச் சுற்றி நின்றோம். யாரும் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பது மேடத்தின் கொள்கை. எந்த லோரி எங்கே, எந்தத் தொழிற்சாலை மதியத்துக்குப் பிறகு சரக்கு வாங்காது என்று தம்பி மடமடவென்று சொல்லி முடித்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் தன் கைப்பேசியை என் வாய்க்கு நேராகப் பிடித்து, பதிவு பட்டனை அழுத்தினார்.

பேசினேன். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. என் மகள் இருந்திருந்தால் கைதட்டியிருப்பாள். முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போது மேடம், “டிரைவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். தமிழிலும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

தமிழில் நான் எதையும் தயாரிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “டிரைவர் அண்ணன்மாருங்களுக்கு வணக்கம். நாந்தான் இனிமே ஒங்களுக்குப் போன் போட்டு லோரி எங்கன்னு கேப்பேன். எடுக்காம இருக்காதீங்க, ஆங்?”

அவ்வளவுதான் சொன்னேன். தம்பி அதை அனுப்பினார். சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் போனைத் தொடக்கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் அந்த நேரத்தில் நாலைந்து பேர் ஏதாவது ஒரு கேட்டில் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் குரல்கள் வரத் தொடங்கின. தம்பி ஒலியைக் கூட்டினார்.

முதல் குரல் ஒரு மலாய்க்கார டிரைவருடையது. இது அந்த ஸ்டோர் அக்கா இல்லையா என்று மலாயில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது தமிழ்க் குரல்: “பாஸ், யாரு இது? ‘லோரி எங்க, லோரி எங்க’ன்னு கத்துவாங்களே, அந்த அக்காவா? ஐயோ சாமி, உள்ளயே வந்துட்டாங்களா!” மூன்றாமவர், “ஆங்குன்னு முடிச்சாங்க பாரு, அவங்களேதான் லா! வாங்க வாங்க” என்றார். ஆபீஸே சிரித்தது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆறு வருடமாக என் பேச்சைக் கேட்டவர்கள் என் மேல் கோபமாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என்னை வைத்து இவ்வளவு நாள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு பக்கம் ரோஷம், மறுபக்கம் தாங்க முடியாத சந்தோஷம். நானும் சிரித்தேன்.

தம்பிதான் சிரிப்பை நிறுத்தினார். “அப்போ நம்ம கேரி தீவு அண்ணனுக்கு லெட்டர் வாங்கிக் குடுத்தது நீங்கதானாக்கா?” அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“யாரு?”

“டீ குடிச்சதுக்கு லெட்டர் வாங்குன அண்ணன். இருபத்திரண்டு வருஷமா ஓட்றாரு, அதுக்கு முன்னாடி ஒரு லெட்டர்கூட வாங்குனதில்ல. அன்னிலேர்ந்து கேட்டுக்கு வெளிய டீயே குடிக்க மாட்டாரு. வெயில்லயும் லோரிக்குள்ளதான் உக்காந்திருப்பாரு. நான் வந்த மொத நாளே சொல்லிட்டாங்க, அவர்கிட்ட டீயப் பத்திப் பேசாதேன்னு.”

மற்றவர்கள் கலைந்து மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நான் தலையை ஆட்டிவிட்டு என் நாற்காலிக்குப் போயிருக்கலாம். வாடிக்கையாளர் புகார் கொடுத்தார், கம்பெனி விசாரித்தது, எல்லாம் முறையாக நடந்ததுதானே. வாயைத் திறந்தால் எனக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலத்தின் முதல் நாளே கடைசி நாளாகலாம். பொய்ப் புகார் கொடுத்த ஒருத்தியை வாடிக்கையாளரிடம் பேச யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் ஐந்து மாதம் சும்மா கிடந்தது நினைவுக்கு வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லும் தைரியசாலி இல்லை நான். எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த மேசை வேண்டும், ஹெட்செட் வேண்டும். ஆனால் பக்கத்து மேசையில் தம்பி ஒவ்வொரு நாளும் அந்த டிரைவரோடு போனில் பேசுவார், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது என்னால் முடியாது என்று அந்த நொடியே தெரிந்தது.

“தம்பி, மறுபடியும் ரெக்கார்ட் போடுங்க. நான் இன்னும் சொல்லி முடிக்கல” என்றேன்.

மேடம் தன் அறை வாசலில் நின்றுவிட்டார். எல்லாரும் திரும்பினார்கள். தம்பி புரியாமல் கைப்பேசியை நீட்டினார். பேசினேன், கத்துகிற அதே குரலில்தான் வந்தது.

“நான் அந்த ஸ்டோர் அக்காதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லோரியப் பத்தி நான் புகார் எழுதுனேன். டிரைவர் கேட்ல ரிப்போர்ட் பண்ணலன்னு எழுதுனேன். அது பொய். அவரு மூணு தடவ கேட்டுக்கு வந்தாரு, எனக்கு நாலு தடவ போன் பண்ணாரு. லோரி நம்பர கேட்டுக்குக் குடுக்க நாந்தான் மறந்துட்டேன். மறுநாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அவரு மேல தப்பே இல்ல. இதுவும் என்னப் பத்தி நீங்க தெரிஞ்சிக்க வேண்டியதுதான்.”

பிறகு அதையே ஆங்கிலத்திலும் மலாயிலும் சொன்னேன், மேடத்தைப் பார்த்து. யாரும் கைதட்டவில்லை. மேடத்தின் முகம் இறுகிவிட்டது. “அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்” என்றார். “அவர் என்னிடம் இதையேதான் சொன்னார். நான் உங்கள் கம்பெனியை நம்பினேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்து வாருங்கள். உங்கள் விஷயத்தைப் பிறகு பேசலாம்.” கதவு சாத்திக்கொண்டது.

எழுதினேன். இடையில் போன் அடித்தது, எடுத்தேன். ஷா ஆலாமிலிருந்து ஒருவர் லோரி எங்கே என்று கத்தினார். “பத்து நிமிஷத்தில் வந்துவிடும், கேட்டில் நம்பர் கொடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தம் சட்டென்று இறங்கியது. பிறகு, “இருங்கள், பார்க்கிறேன்” என்றார். என்னதான் பயமாக இருந்தாலும் அந்தக் கணத்தில் உள்ளுக்குள் குதித்தேன். இந்த வேலை எனக்கு வரும், என்னைவிட்டால் வேறு யாருக்கு வரும் என்று நினைத்தேன். இங்கே இருக்க விட்டால் போதும்.

நான் இரண்டாவதாகப் பேசியதையும் தம்பி குழுவுக்கு அனுப்பியிருந்தார், கேரி தீவு அண்ணனிடமிருந்து பதில் இல்லை. அவர் கேட்டுவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் காட்டின. பத்து மணிக்குப் பார்த்தேன், பதினொன்றுக்குப் பார்த்தேன். தம்பி அந்தப் பக்கம் திரும்பி ரோட்டி சானாய்ப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டார். யாரும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது நியாயம்தான்.

பன்னிரண்டரைக்கு வெளியே லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சாப் அடித்த ரசீதுகளை எடுத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்தவர், சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்திருந்தார். தம்பி எழுந்து நின்றதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நானும் எழுந்தேன்.

“ரெண்டுமே கேட்டேன்” என்றார். ஸ்டோரில் இருந்தபோது போனில் கேட்ட அதே மெதுவான குரல். “மொத வாட்டிப் பேசுனதுதான் நல்லா இருந்துச்சு.”

“அண்ணே, மன்னிச்சிடுங்க.”

“அது இருக்கட்டும். எழுதச் சொன்னாங்களாமே, எங்க?”

அச்செடுத்து வைத்திருந்த தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தைப் படித்தார். எனக்கு உட்காரவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை. படித்து முடித்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார். நான் அவருடைய லோரி நம்பரை எழுதியிருந்த இடம். புகாரில் எழுதியது போலவே இதிலும் எழுதியிருந்தேன். நாலு வருடம் அவரோடு போனில் பேசியும் லோரி நம்பரைத்தான் எனக்குத் தெரியும்.

“லெட்டர லோரிக்கா குடுத்தாங்க? எனக்குத்தான குடுத்தாங்க” என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. உட்கார்ந்து கணினியில் அந்த நம்பரை அழித்தேன். விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு, “ஒங்க பேரு சொல்லுங்கண்ணே” என்றேன்.

அவர் திரும்பி மேடத்தின் அறையைப் பார்த்தார். மேடம் எப்போதோ கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு பழைய கோப்பு. அதிலிருந்து அந்த வார்னிங் லெட்டரை எடுத்து, அவர் பார்க்கும்படி இரண்டாகக் கிழித்து, “சாரி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் எழுதிய கடிதம் இனி இந்தக் கோப்பில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குத் துறைமுகத்திலிருந்து நிறைய அழைப்பு வரும். நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்” என்றார். என்னை இருக்கச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின.

அண்ணன் ரசீதுகளைத் தம்பி மேசையில் வைத்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டார். வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் காலையில் நான் நின்ற இடத்திலேயே போய் நிமிர்ந்து நின்றார். தம்பி சிரித்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். “ரெக்கார்டா? போடு, போடு” என்றார் அண்ணன்.

முதலில் தன் பெயரைச் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார், அதையும் சேர்த்தேன்.

“ஊரு கேரி தீவு. மூணு புள்ளைங்க. இருபத்திரண்டு வருஷமா இந்தக் கம்பெனியில லோரி ஓட்றேன்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே முடித்தார். “வார்னிங் லெட்டர் ஒண்ணுகூட கெடையாது.”